போனில் எடுத்த ஹம்பி படம் பழைய ரயில்வே போஸ்டர் ஆவது எப்படி? மூன்று மை, தட்டை வடிவம், எழுத்துக்கு ஒரு இடம்

டூர் போய்விட்டு வந்த படத்தை ஒரு ஆப்பில் போட்டு ஃபில்டரைத் தட்டினால், அரை நிமிடத்தில் 'விண்டேஜ் போஸ்டர்' ரெடி. போன் திரையில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதையே ஏ3 அளவில் பிரிண்ட் போட்டு சுவரில் மாட்டினால்தான் குறை தெரியும். வானம் முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கும், பாறைகள் புழு ஊர்ந்த மாதிரி இருக்கும். மேலே ஒட்டிய ஊர்ப்பெயர் படத்தோடு சேராமல் தனியாக மிதக்கும்.

படத்தில் எது ஒரே வடிவமாகச் சேர வேண்டும், எது காணாமல் போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யாததுதான் காரணம். ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியாகப் பார்க்கிறது. பழைய போஸ்டர் ஓவியர் அப்படிப் பார்க்கவில்லை. அவரால் அப்படிப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அவருக்கு ஒவ்வொரு நிறமும் ஒரு செலவு.

அந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது?

1920, 30களின் ரயில்வே போஸ்டர்கள் பெரும்பாலும் லித்தோ முறையில் அச்சானவை. ஒரு நிறத்துக்கு ஒரு கல் அல்லது தகடு. தாள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை மெஷினுக்குள் போய் வர வேண்டும். பிரிட்டனில் எல்.என்.இ.ஆர் ரயில் கம்பெனிக்கு வரைந்த டாம் பர்விஸ், வெளிக்கோடே இல்லாமல் வெறும் நிறத் துண்டுகளால் கடற்கரையையும் மனிதர்களையும் காட்டினார். அமெரிக்காவில் 1938 முதல் 1941 வரை தேசியப் பூங்காக்களுக்காக வந்த 14 போஸ்டர்கள் ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் செய்யப்பட்டவை. அதிலும் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். நம்ம ஊரிலும் சுதந்திரத்துக்கு முன்பே ரயில்வே இதே பாணியில் 'விசிட் இந்தியா' போஸ்டர்களை வெளியிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. இவை பிளாட்பாரத்தில் நடந்துபோகிறவர் கண்ணில் பட வேண்டியவை. பிரிட்டிஷ் ரயில் போஸ்டரின் வழக்கமான ஒரு அளவு 25க்கு 40 அங்குலம். அதைப் பத்தடி தூரத்தில் இருந்து, நிற்காமல், இரண்டு விநாடியில் படிக்க வேண்டும். தட்டை வடிவமும் குறைந்த நிறமும் பெரிய எழுத்தும் ஒரே பிரச்சினைக்கான பதில்கள்தான். இந்தக் கட்டுப்பாட்டை நாமும் ஏற்றுக்கொண்டால் அந்தத் தோற்றம் தானாக வரும். ஏற்றுக்கொள்ளாமல் மேலே மஞ்சள் கறையும் கிழிசல் டெக்ஸ்சரும் பூசினால், பழைய பேப்பரில் அச்சான போட்டோ மாதிரிதான் இருக்கும்.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுசாகப் பார்ப்போம்.

படம்: ஹேமகூடத்தில் இருந்து விரூபாட்சர் கோயில்

ஹம்பியில் ஹேமகூடக் குன்றின் கிழக்குப் பக்கம் நின்று, விரூபாட்சர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் காலை வேளையில் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சொந்தப் படமாக இருந்தால் நல்லது. இணையத்தில் கிடைத்த படத்தின் மேல் வரைந்தால், விற்கும்போது காப்புரிமைச் சிக்கல் வரும்.

காலை என்பது முக்கியம். நீங்கள் தென்கிழக்கில் நின்று பார்க்கும்போது கோபுரத்தின் கிழக்கு முகம் வலப்பக்கமும் தெற்கு முகம் இடப்பக்கமும் தெரியும். கிழக்கு வெயில் ஒரு முகத்தில் விழும், இன்னொன்று நிழலில் இருக்கும். ஒரு கட்டடம் தெளிவாக இரண்டு துண்டாகப் பிரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நடுப்பகல் வெயிலில் எடுத்த படத்தில் இந்தப் பிரிவு கிடைக்காது. மேகமூட்டமான நாளில் எடுத்தது இன்னும் மோசம்: எல்லாமே ஒரே சாம்பல். எந்தப் படத்தை எடுப்பது என்ற கேள்விக்கு இதுதான் முதல் சல்லடை. அழகான படத்தைத் தேடாதீர்கள், நிழல் தெளிவாக விழுந்த படத்தைத் தேடுங்கள்.

அடுத்து, நிறத்தை மறந்துவிட்டு வெளிச்சத்தை மட்டும் பாருங்கள். கண்ணை இடுக்கிப் பார்த்தாலே போதும். கணினியில் செய்வதென்றால், இலவசமாகக் கிடைக்கும் GIMP-ல் படத்தைத் திறந்து முதலில் `Colors > Desaturate` கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். பிறகு `Filters > Blur > Median Blur`, ஆரம் 20 பிக்சல் வாக்கில். கடைசியாக `Colors > Posterize`, அளவு 4.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. வண்ணப் படத்தின் மேல் நேரடியாக Posterize 4 கொடுத்தால் நான்கு நிறம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக நான்கு படியாக வெட்டுகிறது. அதனால் 64 நிறம் வரை வரலாம். ஃபில்டர் படங்களில் தெரியும் அந்தத் திட்டுகள் இப்படி வந்தவைதான். கறுப்பு வெள்ளையாக்கிய பிறகு கொடுத்தால் உண்மையிலேயே நான்குதான்.

இப்போது திரையில் இருப்பது போஸ்டர் இல்லை, வரைபடம். வானம் வெளிர், தூரத்துக் குன்றுகள் நடுத்தரம், கோபுரத்தின் வெயில் முகம் மிக வெளிர், நிழல் முகம் இருட்டு, காலடிப் பாறைகளும் இருட்டு. இந்த ஐந்து வாக்கியமும் உங்கள் படத்துக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் வேறு படம் எடுப்பது நல்லது. நிறம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது.

எதை வைப்பது, எதை விடுவது?

இனி வரைய வேண்டும். Inkscape-ல் படத்தைக் கொண்டுவந்து, அதன் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்து, லேயரைப் பூட்டிவிட்டு, மேலே பென் டூலால் வடிவங்களை வரையுங்கள். `Trace Bitmap` என்று ஒரு குறுக்குவழி இருக்கிறது. அது ஆயிரக்கணக்கான முனைகளோடு நடுங்கும் ஓரங்களைத் தரும். சுத்தம் செய்ய ஆகும் நேரத்தில் கையால் இரண்டு முறை வரைந்துவிடலாம்.

பின்னால் இருந்து முன்னால் வாருங்கள்: வானம், குன்று, கோபுரம், மரங்கள், பாறை. ஹம்பிப் பாறைகள்தான் இங்கே சோதனை. படத்தில் முப்பது பாறை இருந்தால் முப்பதையும் வரையத் தோன்றும். வரைந்தால் சுவரில் உருளைக்கிழங்கு மூட்டை. நிழலோடு நிழலைச் சேருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் நான்கு பாறைகளின் நிழல்கள் ஒன்றையொன்று தொட்டால், அவை ஒரே வடிவம். நடுவில் எல்லைக்கோடு வேண்டாம். வெயில் படும் மேற்பரப்புகள் மட்டும் தனித்தனித் துண்டாக அதன் மேல் தெரியட்டும். ஐந்தாறு பெரிய வடிவங்களில் முப்பது பாறையும் வந்துவிடும், ஏனென்றால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண் நிரப்பிக்கொள்ளும்.

கோபுரத்தில் இதற்கு நேர் எதிர். இங்கே எதை விடக் கூடாது என்பதுதான் கேள்வி. சிற்பங்கள் எல்லாம் போகலாம். ஆனால் ஒவ்வொரு நிலையும் உள்வாங்கும் ஓரப் படிக்கட்டு, நடுவில் மேலே போகப்போகச் சிறிதாகும் திறப்புகள், உச்சியில் இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும் கொம்பு போன்ற அமைப்பு, இவை மூன்றும் இருக்க வேண்டும். அந்தக் கொம்புகளை மழுக்கிவிட்டால் அது ஏதோ ஒரு கோபுரம். நமக்கு இதில் கூடுதல் ஆபத்து: கை பழக்கத்தில் மதுரைக் கோபுரத்தை வரைந்துவிடும். விரூபாட்சர் கோபுரத்தில் அந்த மாதிரி வண்ணப் பொம்மைகள் கிடையாது. வெளிறிய மஞ்சள் கலந்த ஒற்றை நிறம். நல்லவேளையாக, அது போஸ்டருக்கு வசதி.

மனிதர்களைப் போடலாமா? ஒன்றிரண்டு சிறிய உருவங்கள் அளவைக் காட்ட உதவும். ஆனால் காலனிய காலப் போஸ்டர்களில் இந்தியா என்றாலே யானை, பல்லக்கு, தலைப்பாகை என்று ஒரு வழக்கமான பட்டியல் இருந்தது. அந்தப் பாணியைக் கடன் வாங்கும்போது அந்தப் பட்டியலும் சேர்ந்து வந்துவிடும். உங்கள் படத்தில் பாறை மேல் பேக்பேக்கோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருந்தால் அவரையே வரையுங்கள். இல்லாத யானையைக் கூட்டிவர வேண்டாம்.

மூன்று மையில் ஏழு நிறம்

மூன்று மைகளை எடுத்துக்கொள்வோம்: மஞ்சள் `#F2C46D`, பவழச் சிவப்பு `#E0725A`, மங்கிய நீலம் `#2F5D7C`. காகிதம் வெள்ளையாக வேண்டாம், வெளிர் கிரீம் `#F6EBD3`. Inkscape-ல் ஒவ்வொரு மைக்கும் ஒரு லேயர். மூன்றுக்கும் Blend mode-ஐ Multiply என்று மாற்றுங்கள். ஒரு மை இன்னொன்றின் மேல் அச்சாகும்போது நடப்பதை இது ஓரளவு காட்டும்.

மஞ்சள் மேல் பவழம் விழுந்தால் செங்கல் நிறம். மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் கரும்பச்சை. பவழத்தின் மேல் நீலம் விழுந்தால் கிட்டத்தட்ட கறுப்பு. ஆக மூன்று மைக்குக் காசு கொடுத்து ஆறு நிறம் கையில் இருக்கிறது. காகிதத்தையும் சேர்த்தால் ஏழு. காகிதம் ஒரு நிறம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தின் மிக வெளிச்சமான இடம் மையே படாத இடமாகத்தான் இருக்க வேண்டும்.

நம் படத்தில் இதைப் பங்கு போடலாம். வானத்துக்கு மஞ்சள். தூரக் குன்றுகளுக்குப் பவழம். கோபுரத்தின் வெயில் முகம் வெறும் காகிதம். நிழல் முகம் நீலம். கோயிலை ஒட்டிய மரங்களுக்குக் கரும்பச்சை. பாறைகளின் வெயில் பக்கம் செங்கல் நிறம், நிழல் பக்கம் அந்தக் கறுப்பு.

கோபுர நிழலுக்கு ஏன் நீலம்? போட்டோவில் அது பழுப்புதானே? சரிதான். பழுப்புக்குப் பக்கமான செங்கல் நிறத்தைப் போட்டுப் பாருங்கள். வண்ணத்தில் பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் மொத்தத்தையும் ஒருமுறை கறுப்பு வெள்ளையாக்கினால் கோபுரத்தின் நிழல் பாதி குன்றுக்குள் கரைந்து போயிருக்கும். 0 முதல் 255 வரையிலான வெளிச்ச அளவில் பவழம் சுமார் 144, செங்கல் 120. இந்த வித்தியாசம் பத்தடி தூரத்தில் நிற்காது. நீலம் 83. அது நிற்கும். நிறம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, வெளிச்சப் படிகள்தான் உண்மையாக இருக்க வேண்டும்.

இதே சோதனை இன்னொரு பலவீனத்தையும் காட்டும். காகிதம் 236, வான மஞ்சள் 200. கோபுர உச்சியின் வெயில் பக்கம் வானத்தோடு கொஞ்சம் ஒட்டித்தான் தெரியும். மஞ்சளைச் சற்று அழுத்தமாக்கலாம், அல்லது அப்படியே விடலாம். நான் விட்டுவிடுவேன். பக்கத்திலேயே நீல நிழல் முகம் இருப்பதால் உருவம் தொலையாது, காலை வெயிலின் கூச்சமும் கிடைக்கும்.

எழுத்து எங்கே உட்காரும்?

கடைசியில் யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை இது. படத்தை வெட்டும்போதே இடம் ஒதுக்க வேண்டும். ஏ3 தாளில் சுற்றிலும் 12 முதல் 15 மில்லிமீட்டர் காகித ஓரம் விடுங்கள். பல அச்சு முறைகளில் தாளின் விளிம்பு வரை மை போகாது, பழைய போஸ்டர்களில் அந்த வெள்ளை பார்டர் இருப்பதும் தற்செயல் இல்லை. உள்ளே இருக்கும் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு எழுத்துக்கு.

நம் படத்தில் அந்த இடம் கீழே, காலடிப் பாறையில். போட்டோவில் அவ்வளவு பாறை இல்லையா? பரவாயில்லை. தட்டை வடிவத்தின் சௌகரியமே இதுதான்: பாறையைக் கீழே இழுத்து நீட்டினால் முடிந்தது. போட்டோவில் செய்தால் ஒட்டு தெரியும். வானத்திலும் எழுதலாம், ஆனால் கோபுரம் ஏறிப்போகும் இடத்தில் எழுத்து குறுக்கே நின்றால் இரண்டும் சண்டை போடும்.

தமிழில் எழுதும்போது ஒரு தனிக் கணக்கு உண்டு. 'HAMPI' என்ற ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இரண்டு நேர்கோட்டுக்கு நடுவே பெட்டி மாதிரி அடங்கும். பழைய போஸ்டர்களின் அடிப்பட்டை அதற்காகவே அளவெடுத்தது. 'ஹம்பி' அப்படி அடங்காது. ம் தலையில் புள்ளி, பி தலையில் கொக்கி. அதனால் பட்டையின் உயரத்தை எழுத்தின் உடலுக்குக் கணக்கிடாமல், மேலே போகும் குறிகளையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கீழே 'கர்நாடகா' என்று இரண்டாவது வரி போட்டால், அதன் புள்ளி மேல் வரியை இடிக்காத அளவு வரி இடைவெளி வேண்டும்.

ஆங்கில போஸ்டர்களில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அதைத் தமிழில் அப்படியே செய்யாதீர்கள். 'கோவா' என்று எழுதி இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து போகும். படிக்கிறவர் தடுக்கி விழுவார். அகலம் வேண்டுமானால் அகலமான எழுத்துருவை எடுங்கள். இலவசமாகக் கிடைக்கும் Anek Tamil-ல் தடிமனையும் அகலத்தையும் தனித்தனியாக மாற்றலாம். கைவாகு இருந்தால் சைன்போர்டு பாணியில் நீங்களே வரைவது இன்னும் பொருந்தும். மெல்லிய எழுத்துரு மட்டும் வேண்டாம். காரணம் அழகியல் மட்டும் இல்லை, அச்சிலும் அது சிக்கும்.

பிரிண்ட் போடும்போது என்ன தப்பும்?

ஸ்க்ரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு மையும் தனித்தனியாக விழுவதால், ஒன்று இன்னொன்றைவிட அரை மில்லிமீட்டர் தள்ளிப் போவது சகஜம். அந்தச் சின்ன விலகல் பழைய போஸ்டரின் அழகில் ஒரு பகுதிதான். ஆனால் இரண்டு இடத்தில் அது அசிங்கமாகும்.

ஒன்று, இரண்டு நிறங்கள் ஒட்டி நிற்கும் ஓரம். மஞ்சள் வானமும் பவழக் குன்றும் சரியாக ஓரத்தோடு ஓரமாக வரைந்திருந்தால், சிறு விலகலிலேயே நடுவில் காகிதக் கோடு தெரியும். வானத்தைக் குன்றுக்குள் அரை மில்லிமீட்டர் நீட்டிவிடுங்கள். அங்கே மெல்லிய செங்கல் கோடு வரும், யார் கண்ணையும் உறுத்தாது.

இரண்டாவது, எழுத்து. பவழமும் நீலமும் சேர்ந்த கறுப்புப் பாறையில் காகித நிற எழுத்தை வெட்டினால், அதே இடத்தில் இரண்டு மையிலும் ஓட்டை வேண்டும். இரண்டு ஓட்டையும் சரியாகப் பொருந்தாவிட்டால் எழுத்தின் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு ஓரம். மெல்லிய எழுத்தென்றால் புள்ளியே அடைபட்டுவிடும். இதற்கு எளிய வழி, எழுத்து உட்காரும் பாறையை நீலத்தில் மட்டும் அச்சிடுவது. ஒரே மை, ஒரே ஓட்டை, பொருத்தப் பிரச்சினையே இல்லை. மேலே உள்ள பாறைகளின் நிழல் கறுப்பாகவே இருக்கட்டும்.

ஃபைல் கொடுக்கும்போது ஒவ்வொரு மை லேயரையும் தனியாக, முழுக் கறுப்பில், நான்கு மூலையிலும் ஒரே இடத்தில் கூட்டல் குறி போட்டுக் கொடுங்கள். கடைக்காரர் அதை ஃபிலிமாக எடுத்து ஸ்க்ரீன் செய்வார். கல்யாணப் பத்திரிகையும் விசிட்டிங் கார்டும் அடிக்கும் ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைகளிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம். மறக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: மைகள் ஒன்றின் வழியாக இன்னொன்று தெரிய வேண்டும், டிரான்ஸ்பரன்ட் பேஸ் கலக்க வேண்டும். முழுக்க மறைக்கும் மையில் அடித்தால் மஞ்சள் மேல் விழுந்த நீலம் பச்சையாகாது, நீலமாகவே இருக்கும். வரிசை மஞ்சள், பவழம், நீலம். வெளிரில் இருந்து இருட்டுக்கு. முதல் தாளிலேயே மரங்கள் பச்சையாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டால் மை சரியா தப்பா என்று தெரிந்துவிடும்.

ஒரே ஒரு பிரதி போதும் என்றால் ஸ்க்ரீன் செலவு கட்டுப்படியாகாது. சாதாரண டிஜிட்டல் பிரிண்டே போடலாம். அப்போது பளபள ஆர்ட் பேப்பரைத் தவிர்த்து, பூச்சில்லாத தடித்த மேட் தாளில் கேளுங்கள். தாளே கிரீம் நிறமாக இருந்தால் ஃபைலில் உள்ள கிரீம் பின்னணியை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் கிரீம் மேல் கிரீம் அச்சாகி, வெயில் முகம் அழுக்காகத் தெரியும்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை. போஸ்டரைத் திரையில் 150 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கி, ஹம்பிக்குப் போய் வந்த ஒரு நண்பரிடம் எழுத்தை மறைத்துக் காட்டுங்கள். எந்த ஊர் என்று அவர் உடனே சொல்லிவிட்டால் ஃபைலை அனுப்பலாம். 'ஏதோ கோயில்' என்று இழுத்தால், திரும்பப் போய்ப் பார்க்க வேண்டிய முதல் இடம் கோபுர உச்சியும் அந்த இரண்டு கொம்புகளும்.